அன்றாட ஆறு அங்குலம்

ஊரில் யாராவது வேலையைப் பற்றிக் கேட்டால் சுற்றுச்சூழல் பொறியாளர் என்று சொல்லிவிடுவேன். குப்பை மேட்டில் மண் போடுகிறவள் என்று சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். என் கணவர் மென்பொருள் கம்பெனியில் இருந்தார். ஹைதராபாத்தில் அந்த வருடங்களில் அதுதான் வேலை. மற்றதெல்லாம் ஏதோ பிழைப்பு. அவர் நகரத்தின் மேற்கு மூலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போவார். நான் அதற்கு நேர் எதிர்த் திசையில், நகரம் முழுவதும் தின்று துப்பியது வந்து சேரும் இடத்துக்குப் போவேன்.

நாங்கள் ஏ.எஸ்.ராவ் நகரில் வாடகைக்கு இருந்தோம். குப்பை மேடு அங்கிருந்து தூரம்தான். ஆனாலும் காற்று திரும்பினால் சாயங்காலம் வாசனை வந்துவிடும். எதிர்வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டே, "இன்னைக்கு உங்க ஆபீஸ் எங்க வீட்டுக்கு வந்திருக்கு" என்பார். நான் சிரித்து வைப்பேன். அவர் சொல்வதை வைத்தே முந்தின நாள் மண் சரியாக விழவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். என் மகள் இன்னும் நேர்மையானவள். நான் உள்ளே நுழைந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, தெலுங்கில், முதலில் குளித்துவிட்டு வா என்பாள்.

வேலை இதுதான். காலையிலிருந்து லாரிகள் கொட்டுவதை, பரவவிடாமல் ஒரே சின்ன இடத்தில் கொட்டவைக்க வேண்டும். புல்டோசர் அதைப் பரப்பி, மேலே ஏறி இறங்கி நசுக்கும். சாயங்காலம் கடைசி லாரி போனதும், அன்றைய குப்பையின் மேலும் சரிவிலும் ஆறு அங்குலம் மண் போட்டு அழுத்திவிட வேண்டும். மறுநாள் அதற்கு மேலே அடுத்த நாளின் குப்பை. இவ்வளவுதான். கேட்டால் குழந்தைக்கும் புரியும். ஆனால் அந்த ஆறு அங்குலத்துக்காக நான் தினமும் யாரிடமாவது கத்திக்கொண்டிருந்தேன்.

மண்ணுக்கு என்ன பஞ்சம் என்று தோன்றும். குகட்பள்ளிப் பக்கமும் அதற்கு அப்பாலும் அடுக்குமாடிக்காகப் பூமியைத் தோண்டித் தோண்டி எறிந்துகொண்டிருந்த காலம் அது. அந்த மண்ணெல்லாம் பள்ளத்தை மேடாக்கி மனை போட்டு விற்கிறவர்களுக்குப் போயிற்று. அவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கியது எங்களுக்கு வந்தது. கல்லும் செங்கலும் கலந்திருக்கும். அதைச் சலித்து, கேட்டுக்கு உள்ளே ஒரு குவியலாகச் சேர்த்துவைப்போம். அந்தக் குவியல் உயரமாக இருக்கிற அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரும்.

டோசர் ஓட்டியவர் மெட்டுகுடாக்காரர். தாத்தா காலத்தில் ரயில்வேக்கு வந்து செகந்திராபாத்திலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். நான் எங்கள் ஊர் வழக்கப்படி அண்ணாச்சி என்பேன். அவருக்கு அந்தச் சொல்லே வேடிக்கை. என்னை மேடம் என்பார். ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ என்று ஹைதராபாத் உருது கலந்து பேசுவார்.

நான் சேருவதற்கு முன்னால் அந்த மேடு தினமும் எங்காவது ஒரு மூலையில் புகைந்துகொண்டிருந்த இடம். மண் போடுகிற பழக்கமே கிடையாது. அந்தப் புகையை வருடக்கணக்கில் குடித்து அண்ணாச்சியின் நெஞ்சு கெட்டிருந்தது. ஓட்டும்போது பாதியில் நிறுத்தி இருமிவிட்டு மறுபடி ஓட்டுவார். அரசு ஆஸ்பத்திரி டாக்டர், இன்னொரு தடவை புகைக்குள் போனால் என்னிடம் வராதே என்று சொல்லி அனுப்பியிருந்தார். சின்ன மகளுக்குப் படிப்பு முடியவில்லை, அதனால் வேலையையும் விட முடியவில்லை. நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே என்னிடம் வந்தார்.

"மேடம், நாத்தம் பழகிப்போச்சு. ஈ பழகிப்போச்சு. புகை மட்டும் நக்கோ. நீங்க மண்ணைக் குடுங்க, நான் போர்த்தி வெச்சுடறேன்."

"தர்றேன் அண்ணாச்சி" என்றேன்.

அதற்குப் பிறகு அந்த மேடு கொஞ்சம் கொஞ்சமாக மாறியதை நானே பார்த்தேன். மூடிய குப்பையில் ஈ முட்டை வைக்க வழியில்லை. உள்ளே பொரிந்த புழுவும் அழுத்திய மண்ணைத் துளைத்து வெளியே வர முடியாது. சில வாரங்களில், கேட்டுக்கு வெளியே டீ விற்றவர் கண்ணாடி டம்ளர்களின் மேல் துணி போடுவதை நிறுத்திவிட்டார். தோண்டித் தின்ன எதுவும் கிடைக்காததால் நாய்கள் குறைந்தன. எலி குறைந்தது. பருந்துகள் மட்டும் நம்பிக்கையோடு சுற்றின. பிளாஸ்டிக் பைகள் பறந்து பக்கத்துச் சோள வயலில் சிக்குவது நின்றது. எல்லாவற்றையும்விட, புகை நின்றது. மண்ணுக்கு அடியில் காற்றுப் போகாது. ஒரு நாள் குப்பையில் பொறி இருந்தாலும் அது அந்த மண் உறைக்குள்ளேயே அடங்கும், அடுத்த நாள் குப்பைக்குத் தாவாது. அண்ணாச்சியின் இருமலும் குறைந்தது என்றுதான் நினைக்கிறேன். அப்படி நினைக்க எனக்கு ஆசையாக இருந்தது.

யாரும் பாராட்டவில்லை. ஒன்றுமே நடக்காததற்கு யார் பாராட்டுவார்கள்?

அந்த மாசி மாதம் ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று செய்தி வந்தது. எங்கள் மேனேஜருக்குக் கால் தரையில் பாவவில்லை. கேட்டிலிருந்து மேடு வரைக்கும் அதிகாரி காரில் வர நல்ல பாதை வேண்டும். பாதையைப் பார்த்த முன்சரிவு மழமழவென்று இருக்க வேண்டும். ஓரத்தில் குரோட்டன்ஸ் தொட்டிகள் வேண்டும். நான் ஒரு நாள் விடுப்பு எடுத்துவிட்டுத் திரும்பியபோது, மண் குவியல் இருந்த இடம் காலியாக இருந்தது. மொத்தமும் பாதையாகியிருந்தது. ரோலர் போட்டு, தண்ணீர் தெளித்து, கல்யாண வீட்டு வாசல் போல வைத்திருந்தார்கள்.

"சாயங்காலம் எதைப் போட்டு மூட?" என்று கேட்டேன்.

மேனேஜர் தெலுங்கில் பொறுமையாகச் சொன்னார். மூன்று நான்கு நாள்தான். கொட்டுகிற இடம் பின்பக்கம் இருக்கிறது, அதிகாரி அங்கே வரமாட்டார். புது மண் சொல்லியிருக்கிறேன், வந்துவிடும். நீங்கள் எல்லாவற்றுக்கும் பதறுகிறீர்கள்.

பதறுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறீர்கள் என்று வாய் வரை வந்தது. சொல்லியிருந்தாலும் மண் வந்திருக்காது.

முதல் நாள் காற்று அடித்து, பைகள் கிளம்பி வேலிக் கம்பியில் வரிசையாக ஒட்டிக்கொண்டன. இரண்டாம் நாள் நாய்கள் திரும்பி வந்தன, அவற்றுக்கு யார் சொன்னார்களோ. எதிர்வீட்டு அம்மா ஜன்னலைச் சாத்தினார். பிறகு டீக்கடையில் துணி வந்துவிட்டது. அண்ணாச்சி தினமும் கடைசி லாரி போன பிறகும் டோசரிலேயே உட்கார்ந்திருப்பார். மண் டிப்பர் வருமா என்று கேட்டைப் பார்ப்பார். என்னைப் பார்க்கமாட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அது முகூர்த்த மாதம். கல்யாண மண்டபங்களிலிருந்து வருகிற லோடில் இலையும் சோறும் இருக்கும். தந்தூர் அடுப்பின் கரியும் இருக்கும், சில நேரம் அணையாமலே. அப்படிப்பட்ட லோடைத் தனியே கொட்டி, பரப்பி, நனைத்து, மண்ணைக் கலந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். ஏதோ ஒன்று கண்ணில் படாமல் போயிருக்கிறது. மண் உறை இருந்தால் அது ஒரு ஓரத்தில் மூச்சுமுட்டிச் செத்திருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாகப் பல நாள் குப்பை திறந்து கிடந்தது, காற்றும் வசதியாக அடித்தது. அதிகாரி வருகிற நாளுக்கு முந்தின நாள் மத்தியானம், பின்பக்கச் சரிவில் வெள்ளையாக ஒரு நூல் எழும்பியது. நான் சாப்பாட்டு டப்பாவை மூடுவதற்குள் அது கறுத்துவிட்டது.

"நீங்க மேல ஏறக் கூடாது" என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். தண்ணீர் டேங்கர் வந்து பீய்ச்சியது. தண்ணீர் கிடைத்த சந்து வழியே கீழே ஓடிற்று. நெருப்பு வேறு எங்கோ உள்ளே இருந்தது. இன்னொரு டோசரில் புதிதாக வந்த ஆள் மேலிருந்து கிளறினான். கிளறக் கிளற உள்ளே காற்றுப் போய் இன்னும் பிடித்தது. புகை, குடிசைகள் இருந்த கிழக்குப் பக்கம் சாய்ந்தது. அங்கே பெண்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டார்கள்.

அண்ணாச்சி துண்டை நனைத்து மூக்கைச் சுற்றிக் கட்டினார்.

"அண்ணாச்சி, வேண்டாம்."

"ஹவ் மேடம், வேணாந்தான். வேற ஆளு யாரு?" என்றார். பிறகு, "மண்ணு எங்கேருந்து எடுக்கட்டும்?" என்று கேட்டார்.

நான் பாதையைக் காட்டினேன்.

முதலில் எரிகிற பகுதியைச் சுற்றி வெட்டி மற்றதிலிருந்து பிரித்தார். எரிந்ததை வெளியே இழுத்துச் சமதளத்தில் பரப்பினார். தண்ணீர் அங்கேதான் வேலை செய்தது. பிறகு அந்த மழமழப் பாதையைச் சுரண்டி, ஜேசிபியும் டிப்பரும் கொண்டுவந்து கொட்டக் கொட்ட, தள்ளி மூடி அழுத்தினார். டோசருக்குக் கண்ணாடி அடைத்த கேபின் கிடையாது. சில நேரம் புகைக்குள் வண்டியே தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். சத்தம் நிற்கும்போதெல்லாம் இருமல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டேன். பொழுது சாயும்போது எல்லாம் மூடியிருந்தது. அவரை இறக்கும்போது அவரால் பேச முடியவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மறுநாள் அதிகாரி வந்தார். கார் கேட்டருகே புழுதியில் ஆடி நின்றது. குரோட்டன்ஸ் தொட்டிகள் இரண்டு வரிசையாக, நடுவில் ஒன்றும் இல்லாமல் இருந்தன.

"பாதை போட்டிருப்பதாகச் சொன்னீர்களே?" என்றார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார்.

"அங்கே இருக்கிறது சார்" என்று பின்பக்கச் சரிவைக் காட்டினேன்.

அவர் பார்த்தார். தலையாட்டினார். கைக்கடிகாரத்தையும் பார்த்தார். போய்விட்டார். மேனேஜர் என்னோடு பல நாள் பேசவில்லை. எனக்கு அது ஓய்வாக இருந்தது.

அண்ணாச்சி பிழைத்தார், ஆனால் திரும்பி வரவில்லை. மாடிப்படி ஏற முடியவில்லை என்று அவர் மனைவி சொன்னார். சின்ன மகள் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு துணிக்கடையில் சேர்ந்தாள். நான் மெட்டுகுடாவுக்குப் போய் அவர் எதிரே உட்கார்ந்தேன். அவர்தான் டீ வரவழைத்துக் கொடுத்தார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் போன் செய்வார்.

"மண்ணு போட்டாச்சா மேடம்?"

"போட்டாச்சு அண்ணாச்சி."

"ஹவ்" என்று வைத்துவிடுவார். தீக்குப் பிறகு, மேட்டை நடத்திய எங்கள் கம்பெனிக்கும் பயம் வந்திருந்தது. மண் ஒழுங்காக வந்தது. வருடம் முழுவதும் எங்களுக்குள் இந்த இரண்டு வரிதான் பேச்சு.

அடுத்த மாசியில் மண் காண்ட்ராக்டர் மாறினார். புதியவரின் டிப்பர்கள் ஒரு நாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எல்லாருக்கும் போன் போட்டு, தொண்டை வறண்டு நான் உட்கார்ந்திருந்தபோது அண்ணாச்சி கூப்பிட்டார்.

"மண்ணு போட்டாச்சா மேடம்?"

"இல்ல அண்ணாச்சி. நேத்தும் இல்ல."

அந்தப் பக்கம் இருமல் கேட்டது. நீளமாக. அடங்கிய பிறகு கேட்டார்.

"காத்து எந்தப் பக்கம்?"

நான் எழுந்து வெளியே வந்து பார்த்தேன். வேலியில் பைகள் ஒட்ட ஆரம்பித்திருந்தன.

"குடிசைங்க பக்கம்" என்றேன்.