முதல் வருடத் தவணை

காக்ஸ் டவுனில் பேக்கரி நடத்திய ஃபிலோமினாவும் அவர் தம்பி அமல்தாஸும் 1996-இல் டெலிவரி வேன் ஒன்றைத் தவணையில் எடுத்தார்கள். முன்பணம் கடையுடையது. மீதி அறுபத்தாறாயிரம், வட்டி இருபது சதவீதம். வருடத்துக்கு ஒன்றாக, நாற்பத்து மூவாயிரத்து இருநூறு வீதம் இரண்டு தவணை. முதலாவதை வளையல்களை விற்று அக்கா கட்டினார், அடுத்ததைத் தம்பி.

தன் இதய ஆபரேஷனுக்காக அக்கா கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டார். கடைக் கணக்கு எழுதும் என்னிடம் அமல்தாஸ் தவணைகளைப் பிரிக்கச் சொன்னான். முதல் வருடம் வட்டி 13,200, வண்டி விலைக்கு 30,000. இரண்டாம் வருடம் 7,200, 36,000.

"பாருக்கா, வண்டிக்கு நீ போட்டது முப்பதுதான். வட்டிய ஃபைனான்ஸ்காரன் தின்னுட்டான், அவனப் போய்க் கேளு."

"ரெண்டு பேரும் ஒரே தொகைதானேடா கட்டினோம்?"

"நீ மொதல்ல கட்டினே, வட்டி ஜாஸ்தி. சாரே எழுதியிருக்காரு."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பிரிப்பு கணக்குப் புத்தகத்தில் எழுதுவதற்கு, அக்காவின் பணத்தைக் குறைப்பதற்கு அல்ல என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்குச் சம்பளம் தருபவன் அமல்தாஸ்.

"கணக்கு சரிங்கம்மா" என்றேன்.

ஆஸ்பத்திரியில் நாற்பதாயிரம் கேட்டார்கள். அமல்தாஸ் கொடுத்த முப்பதாயிரம் போக, மீதிப் பத்தாயிரத்துக்கு அலைந்த மூன்றாம் வாரம் அவர் இறந்துபோனார்.