மாத்து, பாத்து

செய்தி வந்தபோது மதியம் மூன்று மணி. அச்சக வாசலில் தம்பி மனைவி நின்று ஏதோ சொன்னாள். அழுகையில் கோணிப்போன அந்த வாயிலிருந்து இவளால் ஒரு சொல்லைக்கூடப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் கைப்பேசியில் தட்டிக் காட்டினாள்: 'அவர் போயிட்டார் அண்ணி. மிஷின்ல மாட்டி.'

சின்ன வயதில் காய்ச்சலோடு காது போனவள் இவள். பேச்சு போகவில்லை, வாய்த்துடுக்கும் குறையவில்லை. அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். தம்பி வைத்த பட்டப்பெயர் 'ஒட்டுக்காது'. சொந்தக்காரர்கள் கூடுமிடத்தில், எதிர்மூலையில் நடக்கும் புறணியை உதட்டைப் பார்த்தே அவனுக்கு ஒலிபரப்புவாள். அதில் பாதி ஊகம். யார், எதைப் பற்றிப் பேசுவார்கள் என்று முன்பே தெரிந்தால்தான் உதடு பிடிபடும்.

அந்தப் பேர்தான் அவளை இன்ஸ்பெக்டர் அறையில் கொண்டுவந்து உட்கார வைத்தது. பேசுவதை எழுத்தாக்கும் கைப்பேசியை மேசைமேல் வைத்தார்கள். ஆலையின் கேமராப் பதிவில் சத்தமில்லை. கூரை மூலையிலிருந்து எடுத்த படம். பக்கவாட்டில் நிற்கும் மேற்பார்வையாளர் ஒரே ஒரு சொல் சொல்கிறார். பக்கத்தில் இன்னொரு தொழிலாளி நிற்கிறான். தம்பியின் கை ஓடுகிற பெல்ட்டை நோக்கிப் போகிறது.

"'மாத்து'ன்னு சொல்றான் அண்ணி. ஓடுற பெல்ட்டை மாத்தச் சொல்லிக் கொன்னுட்டான். நல்லாப் பாருங்க!" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி மனைவி.

பார்த்தாள். மாத்து என்றே தெரிந்தது.

"'பாத்து'ன்னு எச்சரிக்கிறார்மா," என்றார் ஆலை வக்கீல்.

மறுபடி பார்த்தாள். இப்போது பாத்து என்றே தெரிந்தது.

"சார், என் வாயைப் பாருங்க." சத்தமில்லாமல் இரண்டு முறை உதட்டை அசைத்தாள். "என்ன சொன்னேன்?"

"முதல்ல மாத்து, அப்புறம் பாத்து," என்றார் இன்ஸ்பெக்டர்.

"ரெண்டு தடவையும் பாத்துதான். 'ப'வுக்கும் 'ம'வுக்கும் உதடு ஒரே மாதிரிதான் ஒட்டும். 'ம'வுக்கு மூச்சு மூக்கு வழியா வரும். அதை எந்தக் கேமரா சார் படம் பிடிக்கும்?"

தம்பி மனைவி அவள் கையைப் பிடித்தாள். "உங்க கூடப்பிறந்தவர்தானே அண்ணி? ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

"கூடப்பிறந்தவன்தான்டி. அதனாலதான் சொல்ல மாட்டேன். நான் மாத்துன்னா, இவங்க இன்னொரு செவிடியைப் பிடிச்சு பாத்துன்னு சொல்ல வைப்பாங்க. அவன் சாவு அதோட பட்டிமன்றமாயிடும்."

வக்கீல் சிரித்தார்.

"பல்லைக் காட்டாதீங்க. பாத்துன்னும் எழுத விடமாட்டேன். கை உள்ளே போறப்ப மிஷின் ஏன் ஓடிச்சு? அதைச் சொல்ல உதடு வேணாம், இந்தப் படமே போதும். பக்கத்துல நின்ன தொழிலாளிக்குக் காது நல்லாத்தானே இருக்கு? அவனை ஏன் சார் இன்னும் கூப்பிடலை?"

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு வாக்குமூலத்தை நீட்டினார். கையெழுத்தில் பேருக்கு முன்னால் வரும் தலைப்பெழுத்தைப் போட்ட பிறகுதான் அந்த வரி கண்ணில் பட்டது: 'மாத்து எனக் கூறியிருக்கலாம்.' பேனாவை மூடி வைத்தாள்.

கோப்பில் இன்றும் அந்த வாக்குமூலத்தின் கீழே தலைப்பெழுத்து மட்டும்தான் இருக்கிறது.