வாயால் சொன்ன வரைபடம்

சாருலதா நிலத்தடி நீர் ஆய்வாளர். சுனாமிக்கு அடுத்த ஆண்டு புதுப்பட்டினத்துக் கிணறுகளைச் சோதித்து, முடிவைச் சொல்ல ஊர்க்கூட்டத்துக்கு வந்திருந்தாள். மின்சாரம் ஏறி இறங்கியதில் புரொஜெக்டர் புகைந்து அணைந்தது. லேப்டாப்பும் இயங்கவில்லை.

திரையில் காட்ட வைத்திருந்த படங்களை வரிசையாக நினைத்துக்கொண்டே பேசினாள். கடல்நீர் எப்படி ஊறியது, மழை எப்படி உப்பைக் கழுவும் என்பதெல்லாம் தடையின்றி வந்தது. அடுத்தது வரைபடம். அதில் கெட்ட கிணறுகள் வெறும் சிவப்புப் புள்ளிகள். இப்போது ஒவ்வொன்றையும் வீட்டுக்காரர் பெயரோடு சொல்ல வேண்டியிருந்தது. சொல்லச் சொல்லக் கூட்டத்தில் முகங்கள் வாடின.

"எங்க கெணறு இன்னாம்மா ஆச்சு?" என்று இட்லிக் கடை அம்சா எழுந்தாள்.

அம்சா வீட்டுப் புள்ளியும் பக்கத்து வீட்டுப் புள்ளியும் ஒட்டியிருந்தன. ஒன்றுதான் சிவப்பு. எது என்று சாருலதாவுக்கு நினைவு வரவில்லை.

"உங்களுது, பக்கத்து வீட்டுது, ரெண்டுல ஒண்ணு உப்பும்மா. எதுன்னு ஞாபகம் இல்ல. தப்பாச் சொல்ல மாட்டேன். ரெண்டையும் குடிக்காதீங்க, காலையில வந்து பாத்துச் சொல்றேன்."

"அப்ப இன்னிக்கு இன்னாத்த வச்சு மாவாட்டுறது?"



காலையில் சாருலதா உப்பை அளக்கும் மீட்டரோடு போனாள். கெட்டது அம்சாவின் கிணறுதான். அம்சா தகரத்தை இழுத்துக் கிணற்றை மூடினாள்.