மாதுளங்கிணற்றடிக்கு ஒரு நாள்

காலை ஆறு நாற்பதுக்கு யாழ்ப்பாணத்தில் குறிகட்டுவான் பஸ் ஏறினேன். கைப்பையில் தண்ணீர்ப் போத்தல், குடை, ஒரு கடிதம். அலுவலகத்தில் கேட்டவர்களுக்குக் "குதிரை பார்க்கப் போகிறேன்" என்று சொன்னேன். பாதி உண்மை.

மண்டைதீவுச் சந்தி தாண்டியதும் இரண்டு பக்கமும் கடல் அசையாமல் கிடந்தது. அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை என்று ஊர்கள் அரைத்தூக்கத்தில் வருவதுபோல் வந்து போயின. கடிதத்தை மறுபடி எடுத்தேன்.

எழுதியவர் ரவி. நெடுந்தீவுக்காரர், கட்டாரில் மின்சார வேலை. மூன்று மாதத்துக்கு முன் அலுவலகச் சுற்றுலா முடிந்து தீவிலிருந்து திரும்பும் படகில் நான் தலைசுற்றிச் சாய்ந்தபோது, பக்கத்தில் இருந்தவர், எலுமிச்சை மணம் தலைசுற்றுக்கு நல்லது என்று ஒரு தேசிக்காயை நீட்டினார். லீவு முடிந்து திரும்புகிறவர். கரை சேரும்வரை கதைத்தோம். நான் சாவகச்சேரிக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை என்பதைக் கேட்டுக்கொண்டவர், தொலைபேசி இலக்கம் மட்டும் கேட்கவில்லை. படகு முழுக்க அவருடைய சொந்தக்காரர்கள்! எனக்கும் சொல்ல வாய் வரவில்லை.

போன கிழமை சங்கத்து விலாசத்துக்குக் கடிதம் வந்தது. லீவில் வந்த நண்பர் ஒருவரிடம் கொடுத்துவிட, அவர் இங்கே தபாலில் போட்டிருக்கிறார். முதல் பக்கம் முழுக்கச் சுகவிசாரிப்பும், வேலைத்தளத்து வெயிலும், அறையில் நாலு பேர் முறைவைத்துச் சமைப்பதும். மனிதர் விஷயத்துக்கு எப்போதுதான் வரப்போகிறார் என்று எனக்கே பொறுமை போய்விட்டது. இரண்டாம் பக்கத்தில் வந்தார்.

"முதலில் உங்களை எப்போதாவது நினைப்பேன். இப்போது கறிக்கு உப்புப் போட்டேனா என்பதே மறந்து போகிறது. அறைக்காரர்கள் ஏசுகிறார்கள். கடையில் தேசிக்காய் கண்டால் வாங்கி மணந்து பார்க்கிறேன். இதை என்னவென்று சொல்வது என்று தெரியவில்லை, ஆனால் கூடிக்கொண்டு வருகிறது. பதில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிடிக்காவிட்டால் கிழித்துவிடுங்கள். கோபம் வராது, கவலை வரும். வெயில் ஏறியதும் தீவின் காட்டுக்குதிரைகள் தண்ணிக்கு மாதுளங்கிணற்றடிக்கு வரும். நீங்கள் அதைப் பார்க்காமல் போய்விட்டீர்கள். ஒருநாள் பார்க்க வேண்டும்."

இதற்கு என்ன பதில் எழுதுவது? ஒரு மணிநேரப் படகுப் பழக்கம். ஒரு கிழமையாகத் தாளை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அந்த இடத்தையாவது பார்த்தால் மனம் தெளியும் என்று தோன்றியது.

குறிகட்டுவானில் படகு ஏறி ஒரு மணி நேரம். ஒன்பதரைக்கு நெடுந்தீவு மாவிலித்துறை. ஆட்டோக்காரர் ஒருவர் முன்னால் வந்தார்.

"ஆற்ற வீட்டுக்கு, தங்கச்சி?"

"ஒருத்தற்ற வீட்டுக்கும் இல்லை அண்ணை. மாதுளங்கிணற்றடிக்குப் போகவேணும்."

என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தார்.

"ஓ... அங்கையோ. ஏறுங்கோ."

தீவைச் சுற்றிக்காட்ட மூவாயிரத்தைந்நூறு கேட்பார்கள், இவர் விலையே பேசவில்லை. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். பவளக்கல் வேலிகளுக்கு நடுவே வண்டி நெளிந்து போய், ஒரு வீட்டுப் படலையில் நின்றது.

"மாமி! உங்கட கிணத்தைப் பாக்க ஆள் வந்திருக்கு!"

ஊர்க்கிணறு என்றல்லவா நினைத்திருந்தேன்! அது ரவியின் சொந்தக்காரர்களுக்குள் மட்டும் வழங்கும் பெயராம். தன் வீட்டு வளவுக் கிணறு என்று எழுத மனிதர் மறந்துவிட்டார். அல்லது வெட்கப்பட்டிருப்பார்.

ரவியின் அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார். யார், எந்த ஊர் என்று எதுவும் கேட்கவில்லை. கதிரை எடுத்துப் போட்டார்.

"இருங்கோ பிள்ளை. முதல் தண்ணி குடியுங்கோ. இந்தக் கிணத்திலை உப்பில்லை."

உப்பில்லைதான். மாதுளை பட்டுப்போய்க் கனகாலமாம், பெயர் மட்டும் மிச்சம். கொஞ்ச நேரத்தில் கல்வேலிக்கு அப்பால் மூன்று குதிரைகள் வந்து தொட்டியில் வாய் வைத்தன. ஒரு குட்டி தண்ணீரில் தெரிந்த வானத்தை மூக்கால் கலைத்தது. நான் எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ தெரியாது.

"மகன் முந்தி போன் எடுத்தா, சாப்பிட்டீங்களோ எண்டுதான் கேப்பான்," என்றார் அம்மா, குதிரைகளைப் பார்த்தபடியே. "இப்ப முதல் கேள்வி, 'இண்டைக்குக் கடல் எப்பிடி, போட் ஓடினதோ' எண்டு. ஆரோ கடலுக்குப் பயந்த பிள்ளை எண்டு நினைச்சனான்."

முகம் சுட்டது. தலைகுனிந்துகொண்டேன். அவர் சாப்பிடக் கூப்பிட்டார். புட்டும் மீன்குழம்பும் தந்து, புறப்படும்போது கிணற்றடி மரத்தில் ஒரு தேசிக்காய் பிடுங்கிக் கையில் வைத்தார்.

"பின்னேரம் கடல் கொஞ்சம் குழப்பம். மணந்துகொண்டு போங்கோ."

இரண்டரைப் படகு. உண்மையாகவே குழப்பம்தான். ஆனாலும் அந்தத் தேசிக்காயை நான் மணக்கவில்லை. தீவு ஒரு கோடாகத் தேய்ந்து மறையும்வரை உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்தேன். எங்கள் சாவகச்சேரி வீட்டிலும் கிணறு இருக்கிறது, நல்ல தண்ணீர்தான். ஆனால் அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

குறிகட்டுவானில் பஸ் வரும்வரை மடியில் தாளை வைத்து எழுதினேன். இந்தமுறை பேனை நிற்கவில்லை.

"குதிரைகளைப் பார்த்தேன். தண்ணீர் இனிப்பு. அம்மா சுகம். இனிக் கடலைப் பற்றி அவரிடம் கேட்க வேண்டாம், என்னிடமே கேளுங்கள்."

அதன் கீழே, அன்று படகில் அவர் கேட்காமல் விட்ட என் தொலைபேசி இலக்கத்தை எழுதினேன்.