நெத்திலிக்குக் கட்டில் போட்டவன்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். கடல்பாசியில் சோப்பு செய்து பார்த்தேன், நுரை வரவில்லை, விட்டுவிட்டேன். படகு எஞ்சின் பழுது பார்க்கும் கடை வைத்தேன், இராஜாக்கமங்கலம் கரை முழுக்க என் வாசலில் நின்றது. அந்த லாபத்தில்தான் மீன் உணக்கும், அதாவது காயவைக்கும், கொட்டகை கட்டினேன். கண்ணாடித் தாள் கூரை, உள்ளே வலைத்தட்டுகள், வெயில் இல்லாத நாளில் சூடான காற்றை உள்ளே தள்ள விறகு அடுப்பும் விசிறியும். புகை மீனில் படாது, குழாய் வழியே வெளியே போய்விடும். எல்லாம் என் மூளை.

இதைக் கட்ட வைத்தவர் எங்கள் கரையின் பெரிய கருவாட்டு வியாபாரி. வாலிபத்தில் அவருக்குக் கூடை சுமந்தேன். மணலில் காயப் போடாமல் பரண் கட்டினால் மீன் சுத்தமாக இருக்குமே என்று ஒருநாள் சொன்னேன். ஏலக்காரர்கள் முன்னால் அவர் சிரித்தார்.

“ஏலே, நெத்திலிக்குக் கட்டில் போடச் சொல்லுதியா? தலையணையும் வேணுமா?”

அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. மறக்க முயன்றதும் இல்லை.

போன ஆனியில், மணலில் அரைகுறையாகக் காய்ந்த அவருடைய நெத்திலி மேல் சாரல் விழுந்தது. விட்டால் விடிவதற்குள் நாறிவிடும். திருவனந்தபுரத்துக் கடைக்காரருக்கு மறுநாள் மாலை சரக்கு போயாக வேண்டும். போகாவிட்டால் அந்தக் கடை கையைவிட்டுப் போகும். நனைந்த வேட்டியோடு என் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

“மக்கா, எனக்க சரக்க உள்ள போடணும்.”

“போடலாம். செருப்ப வெளிய விடும்.”

கழற்றினார்.

“ஒரு காரியம் உண்டு, முதலாளி. இங்க உணங்குன மீன் எனக்க கவர்லதான் வெளிய போவும். எல்லாருக்கும் இதுதான் சட்டம்.”

“கவர்தான? என்னமும் செய்யி.”

தட்டில் மீன் பரப்பும் பெண்களில் ஒருத்தி என்னைப் பார்த்து, “அண்ணே, இவருக்கா உதவி செய்யிதீரு?” என்றாள்.

“பேசாம மீனைக் கழுவு,” என்றேன்.

உப்புத் தண்ணீரில் மணல் போக அலசி, தலை கிள்ளி, தட்டில் பரப்பினோம். விடிய விடிய அடுப்பு எரிந்தது. மதியத்துக்குள் ஒடித்தால் சடக்கென்று ஒடிகிற பதம். கவரில் அடைத்தோம். முன்பக்கம் என் பெயர், பின்பக்கம் என் போன் நம்பர். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நெத்திலியை நான் உணக்கியதில்லை. வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தேன்.

அந்த வாரமே கடைக்காரர் கூப்பிட்டார். இத்தனை வருடம் வாயில் மணல் கடிபடும் சரக்கையே விற்றாராம். இனி நேரே என்னிடம் எடுப்பதாகச் சொன்னார்.

வியாபாரி ஓடி வந்தார். “எனக்க கடைக்காரன நீ பிடுங்கிட்டியே, இது நியாயமா?”

“நான் மீனைத்தான் உணக்குனேன். உம்ம சரக்க கெடுத்தேனா?”

வந்த வழியே திரும்பி நடந்தார். அவசரத்தில் உதவிய பெரிய மனசுக்காரன் என்று ஊர் என்னைச் சொல்கிறது. ஊருக்கு ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அது போதும்.