இரண்டு விரல் இடைவெளி

சத்யப்ரியா பதினோரு வருடங்களாகக் கணிதம் கற்பிக்கிறாள். பேரையூரில் பருத்தியும் மக்காச்சோளமும் போட்ட குடும்பத்தில் அவள்தான் முதல் எம்.எஸ்சி. பசுமலையில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மதுரைக்கு வெளியே ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறாள். ஒவ்வொரு ஜூனிலும் பழைய விண்ணப்பத்தையே புதிய தேதியுடன் கொடுப்பாள். அதிகம் பேசமாட்டாள். வகுப்பில் பலகைக்குத்தான் பாதி நேரம் முகம் காட்டுவாள் என்று மாணவர்கள் சொல்வார்கள். ஆனால் அவள் எழுதும் வரிகள் நேராக, ஒன்றன்கீழ் ஒன்றாக, அச்சடித்ததுபோல நிற்கும்.

அந்த ஆண்டு மே மாதம் விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு அவளையும் அழைத்திருந்தார்கள். நீண்ட கூடம், இருபது மேசை, மேலே தடதடவென்று சுற்றும் மின்விசிறிகள். கைப்பேசியை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். விடைத்தாள்களில் பெயரும் கல்லூரியும் இருக்காது. நாற்பது நாற்பதாகக் கட்டிய கட்டுகள், மாற்று எண்கள், அவ்வளவுதான்.

பதினேழாவது கேள்வி பத்து மதிப்பெண். பெருக்குத் தொடரை வகையிட்டு, n/2ⁿ என்ற தொடரின் கூட்டுத்தொகையைக் காண வேண்டும். அதாவது அரை, நாலில் இரண்டு, எட்டில் மூன்று, பதினாறில் நான்கு என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனால் என்ன வரும்?

முதல் கட்டில் ஐந்தாவது தாளைத் திருத்தும்போது அவள் பேனா நின்றது.

மாணவர் சரியாகத்தான் தொடங்கியிருந்தார். 1 + x + x² + x³ + … = 1/(1−x). இரு பக்கமும் வகையிட்டால் 1 + 2x + 3x² + … = 1/(1−x)². அதன்பின் இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம். அதற்குக் கீழே, x = 1/2 எனப் பிரதியிட, விடை 4.

தவறு புதிதல்ல. வகையிடும்போது ஒவ்வோர் உறுப்பிலும் x-இன் அடுக்கு ஒன்று குறைந்துவிடும். n-ஆம் உறுப்பில் xⁿ இருக்க வேண்டிய இடத்தில் xⁿ⁻¹ நிற்கும். இரு பக்கமும் ஒருமுறை x-ஆல் பெருக்கினால்தான் இழந்த அடுக்கு திரும்ப வரும். அப்போது வலப்பக்கம் x/(1−x)² ஆகும். அரையைப் பிரதியிட்டால் விடை 2. பெருக்க மறந்தவர்களுக்கு இருமடங்காக 4 வரும். வருடா வருடம் பத்துப் பேராவது மறப்பார்கள்.

ஆனால் ஆறாவது தாளிலும் அதே இடத்தில் அதே இரண்டு விரல் வெற்றிடம். ஏழாவதிலும். எட்டாவது மாணவர் தாளின் அடிப்பகுதிக்கு வந்துவிட்டார், இடம் போதவில்லை. அப்படியும் இரண்டு விரல் விட்டு, கடைசி வரியை நுணுக்கி எழுதியிருந்தார். கட்டு முழுவதையும் புரட்டினாள். நாற்பதில் முப்பத்தொரு தாள்கள். வெவ்வேறு கையெழுத்து, வெவ்வேறு மை, அதே வெற்றிடம். யாரோ ஒருவர் முப்பத்தொரு பேரின் கையைப் பிடித்து, அந்த இடத்தில் மட்டும் தூக்கிவிட்டது போலிருந்தது.

பக்கத்து மேசை முத்துமீனா எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, பேயறஞ்ச மாதிரி இருக்கீக?"

"இதப் பாரு."

முத்துமீனா பார்த்தாள். "அட, ஒட்டுக்கா காப்பியா! காப்பி அடிக்கிறவன் எழுத்தத்தான அடிப்பான்? இவனுக வெத்தெடத்தயுமா அடிச்சிருக்கானுக?" சிரித்தவள், தன் கட்டைப் புரட்டியதும் சிரிப்பை நிறுத்தினாள். "அக்கா... எங்கிட்டயும் இருக்கு."

அவளிடம் இருந்தது வேறொரு தேர்வு மையத்தின் கட்டு.

முகாமின் தலைமைத் தேர்வாளர் அனந்தநாராயணன். முப்பது வருட அனுபவம், சட்டைப்பையில் எப்போதும் இரண்டு சிவப்புப் பேனா. மூன்றாவது ஒரு மையத்தின் கட்டுகளிலும் அதே வெற்றிடம் இருப்பது அதற்குள் தெரிந்துவிட்டது. அவர் தன் அறையில் மூன்று மையங்களின் கட்டுகளையும் பரப்பி வைத்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரே ஹால்னா காப்பின்னு சொல்லிடலாம். மூணு ஊர், மூணு சென்டர். வினாத்தாளும் விடையும் முன்னாடியே வெளிய போயிருக்கு. வேற என்னம்மா சொல்றது?"

"எத்தன பேரு சார்?"

"நூத்திப் பதினெட்டு. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள முறைகேடுன்னு எழுதி அனுப்பணும். ரிசல்ட் நிறுத்தி வைப்பா. விசாரணை முடிய ஒரு வருஷம். கேம்பஸ்ல வேலை கிடைச்சவன், பி.எட். சேரப்போறவ, எல்லாருக்கும் போச்சு." அவர் குரலில் மகிழ்ச்சி இல்லை. "நீங்க உங்க கட்டை முழுசா ஒருதடவை பாத்து, கவனிச்சதை எழுதிக் குடுங்கோ."

சத்யப்ரியா தன் கட்டோடு மேசைக்குத் திரும்பினாள். பகல் பதினொன்றரை. சன்னல் வழியே வெயில் தரையில் கிடந்தது. ஆனாலும் முதுகில் ஏதோ குளிர்ந்துகொண்டே இருந்தது. அந்த வரிகளின் வரிசை, இரு பக்கமும் வகையிடுவதைக் காட்டும் சின்ன வளைந்த அம்பு, சமக்குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பது எல்லாம் அவளுக்குத் தெரிந்தவை. எங்கே பார்த்தோம் என்று மட்டும் பிடிபடவில்லை.

இருபத்தெட்டாவது தாளில் பிடிபட்டது.

அந்த மாணவர் சந்தேகப்பட்டிருந்தார். 4 என்று எழுதியபின், ஓரத்தில் உறுப்புகளைக் கூட்டிப் பார்த்திருந்தார். ஆறு உறுப்புகள் வரை 1.875. பத்து உறுப்புகள் வரை 1.988. அதன் கீழே, தேர்வில் யாரும் எழுதாத வரி, பென்சிலில், தமிழில்: "இரண்டைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. ஆனால் வீடியோவில் மேம் நாலு போட்டார்கள். ஆகவே 4."

அவள் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

2021 மே மாதம். ஊரடங்கு. தினம் ஒரு பாடம் பதிவு செய்து இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று கல்லூரி சொல்லியிருந்தது. பேரையூர் வீட்டில் அலமாரிக் கதவுக்குக் கறுப்புச் சாயம் பூசி, அதையே பலகையாக வைத்திருந்தாள். அடுத்த அறையில் அப்பா காய்ச்சலோடு படுத்திருந்தார். இந்தக் கணக்கின் நடுவில் அவர் கூப்பிட்டார். ஒரு வரிக்கு இடம் விட்டுவிட்டுப் போனாள். திரும்பி வந்தாள். மீதியை எழுதி முடித்து, பார்க்காமலே ஏற்றிவிட்டாள். மூன்றாம் நாள் ஆம்புலன்ஸில், திருமங்கலம் தாண்டும் முன்பே அப்பா இறந்துபோனார். அந்தப் பதிவை அதன்பின் அவள் திறக்கவே இல்லை.

அனந்தநாராயணனின் அறைக்குள் போய், நின்றபடியே சொன்னாள். "சார், வினாத்தாள் வெளிய போகல. இந்த விடை என்னோட பழைய வீடியோல இருந்துதான் போயிருக்கு."

அவர் வாசலில் இருந்து அவள் கைப்பேசியை வரவழைத்தார். பதிவைத் தேடி எடுக்கவே சில நிமிடங்கள் ஆயின. பன்னிரண்டாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். வருடா வருடம் ஒரு கூட்டம் அடுத்த கூட்டத்துக்கு அனுப்பியிருக்கிறது.

திரையில் இளைத்த ஒரு சத்யப்ரியா வகையிட்டாள், வளைந்த அம்பு போட்டாள். எங்கிருந்தோ இருமல் கேட்டது. அவள் திரும்பிப் பார்த்து, சட்டகத்தை விட்டு வெளியே போனாள். சாக்பீஸ் தூசி மெதுவாக இறங்கியது. பலகையில் கடைசி வரிக்குக் கீழே ஒன்றும் இல்லை. அந்த ஒன்றுமில்லாத இடத்தையே கேமரா பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு மூச்சு கேட்டது. பெரிய மூச்சு, இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது.

"எம்புட்டு நேரமாத்தா எழுதுவ?"

"முடிஞ்சிரும்ப்பா. தண்ணி குடிங்க."

"கணக்கு முடியலயா இன்னும்?"

"ஒரு வரி இருக்குப்பா. எக்ஸால பெருக்கணும். அம்புட்டுத்தான்."

"அப்ப போ. போயிப் பெருக்கு."

அனந்தநாராயணன் கையை நீட்டி ஒலியைக் குறைக்கப் போனார். பிறகு அப்படியே விட்டுவிட்டார். நான்கு நிமிடங்கள். மூச்சு மட்டும். இடையில் ஒருமுறை அது நின்று, இருவரும் காத்திருந்து, மறுபடி வந்தது. திரையில் சத்யப்ரியா திரும்ப வந்தாள். விட்ட இடத்தைப் பார்த்தாள். எதற்காக விட்டோம் என்பது அவள் முகத்தில் இல்லை. அதற்குக் கீழே எழுதினாள்: 4.

பன்னிரண்டாயிரம் பேர் இதன் முன்னால் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அடுத்த வரிக்காகக் காத்துக்கொண்டு, அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு, கடைசியில் இடம் விட்டு எழுதியிருக்கிறார்கள்.

கீழே பின்னூட்டங்கள். "4:10 முதல் 8:20 வரை தள்ளிவிடலாம்." அதற்குக் கீழே வேறொருவர்: "நான் தள்ளவில்லை. அப்பா எப்படி இருக்கிறார் மேம்?" அதை எழுதி மூன்று வருடம் ஆகியிருந்தது.

அனந்தநாராயணன் கைப்பேசியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இது போதும்மா. அவா காப்பி அடிக்கலை. சொல்லிக்குடுத்ததை எழுதியிருக்கா. ஆனா நீங்க எழுத்துல தரணும். உங்க பேர்ல ஒரு குறிப்பு ஏறும். அடுத்த வருஷம் உங்களைக் கூப்பிடுவாளான்னு என்னால சொல்ல முடியாது."

"தர்றேன் சார்."

"இன்னொண்ணு." அவர் மேசையைப் பார்த்தபடி சொன்னார். "தப்பான பாடம் வெளிய நிக்கிறவரை இதே தாள் வருஷா வருஷம் வரும். மறைச்சு வச்சா போறாது, நீக்கியாச்சுன்னு சேத்து எழுதினாத்தான் மேலிடம் ஒத்துக்கும். வேற பிரதி இருக்கா?"

"பழைய போன்ல எடுத்தது சார். அது உடஞ்சு போச்சு."

"அப்பா குரல் வேற எதுலயாவது..."

அவள் தலையசைத்தாள். இல்லை.

அவர் எழுந்து சன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார். பதிவை இறக்கிக்கொள்ள அவளுக்குத் தெரியவில்லை. ஒலிப்பதிவானைத் திறந்து பிடிக்கலாமா என்று நினைத்தாள், ஆனால் பதிவு ஓடுவதும் அதே கைப்பேசியில்தான். அவருடையதைக் கேட்க வாய் வரவில்லை. பதிவை நான்காம் நிமிடத்துக்கு நகர்த்தி, காதோடு வைத்து ஒருமுறை முழுதாகக் கேட்டாள். பிறகு நீக்கினாள். "உறுதியா?" என்று திரை கேட்டது. உறுதி என்று தொட்டாள்.

கடிதம் நான்கு மணிக்குப் போனது. முறைகேடு என்ற சொல் கோப்பில் ஏறவில்லை. நூற்றுப் பதினெட்டுத் தாள்களுக்கும், வகையிட்ட படி வரை சரி என்று கணக்கிட்டு, பத்துக்கு ஏழு போடச் சொன்னார்கள். கூட்டிப் பார்த்துச் சந்தேகப்பட்டவருக்கு எட்டு. விடைத்தாளில் தேர்வாளர் எதையும் எழுதித் திருத்தக் கூடாது என்பது விதி. அவள் ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் பக்கத்தில் ஏழு போட்டு, அடுத்த தாளுக்குப் போனாள்.

மறுநாள் காலை நான்காவது மையத்தின் கட்டு வந்தது. முதல் தாளில் எல்லா வரிகளும் நெருக்கமாக இருந்தன, x-ஆல் பெருக்கியிருந்தார்கள், விடை 2. இரண்டாவதிலும். மூன்றாவதிலும். அங்கே யாரோ ஒழுங்காகக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

"தப்பிச்சோம்க்கா," என்றாள் முத்துமீனா. "இதுல ஒண்ணுமில்ல."

சத்யப்ரியா தலையாட்டினாள். மதிப்பெண் போடாமல், நாற்பது தாள்களையும் கடைசிவரை புரட்டிப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். எங்காவது ஒரு தாளில், ஒரு விரல் அளவாவது விட்டிருப்பார்களா என்று தேடினாள்.