கரண்ட் பில்லில் நான் படிக்காத வரி

என் வீட்டுக்காரர் மேல் எனக்கு வந்த கோபங்களில் பாதி நியாயமானவை. மீதிப் பாதியில் பெரியது ஒரு கரண்ட் பில்லால் வந்தது. அதை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்புத்தான் வருகிறது. அன்றைக்குச் சிரிக்கவில்லை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நூல் பக்கத்திலேயே கிடைக்கும் என்று முதலாளி மகாராஷ்டிரத்தில் பனியன் துணி பின்ன ஒரு சின்ன நிட்டிங் கிளை போட்டார். அதைப் பார்த்துக்கொள்ள என் வீட்டுக்காரரை அனுப்பினார். அவர் அங்கே, நான் இங்கே. தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் முகம் பார்ப்போம். மீதி நாளெல்லாம் டெலிபோன் குடும்பம்.

முதலாளி குண்டடம் பக்கத்து விவசாயக் குடும்பம். எத்தனை பெரிய ஆர்டர் வந்தாலும் கரண்ட் பில்லை மட்டும் தானே பார்ப்பார். நம்மூரில் கணக்கெடுக்க வருகிறவர் அட்டையில் ரீடிங், யூனிட், தொகை என்று எழுதிவிட்டுப் போவார். முதலாளி கால்குலேட்டரில் யூனிட்டை ரேட்டால் பெருக்கிப் பார்ப்பார், தலையாட்டுவார், தீர்ந்தது. அதே பழக்கத்தில் மகாராஷ்டிரக் கிளைக்கும் நான் மூன்று கட்டம் போட்டு நோட்டு வைத்தேன்: யூனிட், ரேட், மொத்தம். பில் மராட்டியில் இருக்கும். எண்கள் நமக்குத் தெரிந்த எண்கள்தானே, எனக்கு வேண்டிய மூன்றை மட்டும் எடுத்து எழுதிவிடுவேன். நிலைக்கட்டணம், மின்சார வரி எல்லாம் மாதாமாதம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்ததால் நடுவில் உள்ள வரிகளை நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

ஒரு மாதம் யூனிட் வழக்கம்போல பத்தாயிரம். ரேட்டும் அதே ரேட். மொத்தம் மட்டும் நாலாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் ஏறியிருந்தது. கொஞ்சமும் யோசிக்காமல் சிவப்பு மையில் சுழித்து முதலாளியின் மேஜையில் வைத்தேன். கணக்கில் நான் அப்படித்தான், கட்டின புருஷன் என்றாலும் விடமாட்டேன். அன்றைக்கு அந்தக் குணம் எனக்கே ஆப்பு வைத்தது.

முதலாளி மூன்று தடவை பெருக்கிப் பார்த்தார்.

"ஏனுங் அம்மிணி, யூனிட்டு அதேதான், ரேட்டும் அதேதான். அப்பறம் இந்த நாலாயிரத்தி ஐநூறு எங்கிருந்து மொளச்சுது?"

"தெரியலீங்க."

"அங்க பக்கத்துலயெல்லாம் தறி ஓடுதுங்கறாங்க. எவனுக்காச்சும் ஒயரு இழுத்துக் குடுத்திருக்கானா உங்க ஊட்டுக்காரன்?"

"ஒயரு இழுத்திருந்தா யூனிட்டு ஏறியிருக்கோணுமுங்களே!"

"அதுஞ் செரிதான். அப்பப் பில்லுலயே வேலயக் காட்டியிருக்கான். நாயித்துக்கெழமைக்குள்ள வெவரம் வல்லீன்னா ஆள மாத்திப்போடுவன். தப்பா நெனச்சுக்காதீங்க அம்மிணி."

தப்பாக நினைக்காமல் வேறென்ன செய்வது? அவருக்கு இருந்தது அந்த ஒரு வேலை. அதைவிட, 'கரண்ட் பில்லில் கை வைத்தவன்' என்று பெயர் வந்துவிட்டால் திருப்பூரில் எந்தக் கம்பெனிப் படியும் ஏற முடியாது. அதற்குச் சுழி போட்டது நான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒரு பகல் முழுக்க நானும் அவரைச் சந்தேகப்பட்டேன். போன மாதம்தான் எனக்கு ஒரு பட்டுப் புடவை அனுப்பியிருந்தார். அதைப் பெட்டிக்குள் தள்ளிப் பூட்டினேன்.

அவரை டெலிபோனில் பிடித்தேன். "பில்லு ஏன் ஏறிச்சுங்க?" என்றேன்.

"அதயேதான் நானும் தேடிட்டிருக்கேன் புள்ள. வாட்ச்மேன் மேல சந்தேகப்பட்டு ரெண்டு வாரமா லீவு நாள்ல மெசினெல்லாம் ஆப் பண்ணிட்டு மீட்டர் முன்னால ஸ்டூலப் போட்டு உக்காந்திருக்கேன். அது சுத்தவே மாட்டேங்குது. எனக்குத்தான் தலை சுத்துது."

கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருடுகிறவன் ஸ்டூல் போட்டு மீட்டருக்குக் காவல் இருப்பானா? ஆனால் முதலாளியிடம் ஸ்டூலைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாதே.

மறுநாள் பில்லை எடுத்துக்கொண்டு தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவுக்குப் போனேன். அங்கே பீகார்க்காரர் ஒருவர் வேலை பார்த்தார், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா, எந்த எழுத்தைக் கண்டாலும் சத்தம் போட்டுப் படிப்பார்.

"அக்கா, இது ஹிந்தி இல்லை, மராட்டி. எழுத்து ஒன்னுதான்" என்று சொல்லி, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். நடுவில் ஒரு வரியில் நின்றார். "இந்தன் சமாயோஜன்..."

"அப்படின்னா?"

"இந்தன்னா விறகு, கரி, எண்ணெய். எரிக்கிறது. அதுக்கு ஏதோ சரிக்கட்டற பணம்."

அந்த வரியின் எதிரே, யூனிட்டுக்கு நாற்பத்திரண்டு பைசா என்று இருந்தது. பத்தாயிரம் யூனிட்டுக்கு நாலாயிரத்து இருநூறு! முந்தைய பில்லை ஓடிப்போய் எடுத்துவந்தேன். அதே வரி அதிலும் இருந்தது, எதிரே பூஜ்யம். மீதி முந்நூற்றுச் சொச்சத்தைத் தேடினால் மின்சார வரியில் கிடைத்தது. இந்த எரிபொருள் பணத்தையும் சேர்த்த தொகைக்குத்தான் சதவீதக் கணக்கில் வரி போட்டிருந்தார்கள். கையில் கால்குலேட்டரோடு செக்கிங் மேஜை நடுவே நின்று "அட கடவுளே!" என்று கத்தினேன். பனியன் மடித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

உடனே வீட்டுக்காரரை அங்கத்திய மின் அலுவலகத்துக்கு விரட்டினேன். மாலைக்குள் விவரம் சொன்னார். ரேட்டைத் தீர்மானிக்கும்போது நிலக்கரி இன்ன விலை, வெளியே வாங்கும் மின்சாரம் இன்ன விலை என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். பிறகு உண்மைச் செலவு அதைத் தாண்டினால் ரேட்டில் கை வைப்பதில்லை. வித்தியாசத்தை யூனிட்டுக்கு இத்தனை பைசா என்று, சில மாதம் கழித்துத் தனி வரியில் வாங்குகிறார்கள். அந்தப் பைசா மாதத்துக்கு மாதம் மாறும். செலவு குறைந்தால் அதுவே கழிவாகவும் வரலாம்.

இரண்டு பில்லையும் முதலாளி முன்னால் விரித்தேன். அவர் பெருக்கினார், கூட்டினார், மறுபடி பெருக்கினார். ஒற்றைப் பைசா பிசகாமல் வந்தது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவருக்கோ வேறு ரோசம் வந்தது.

"ஏனுங் அம்மிணி, பீஸுக்கு வெல பேசி ஆர்டர் வாங்கறோம். அதுக்கப்பறம் நூலு ஏறுனா தலைல துண்டப் போட்டுட்டு நாமதான தாங்கறோம்? ஆர்டர் குடுக்கற எந்தப் பையராச்சும் நமக்கு 'நூல் சமாயோஜன்' குடுக்கறானா?"

"இல்லீங்க."

"கரண்ட்டுக்காரன் பொழைக்கத் தெரிஞ்சவனுங்க!" என்று வாய்விட்டுச் சிரித்தார். பிறகு நோட்டைத் தள்ளி, "நாலாவதா ஒரு கட்டம் போடுங்க. ஒரு கிலோ துணிக்குக் கரண்ட் செலவு போடறப்ப இதயும் சேத்துக்கோணும்" என்றார். தானே டெலிபோனைச் சுழற்றி, "தம்பி, நீ ஒன்னும் மனசுல வச்சுக்காத. இரு, அம்மிணிகிட்டக் குடுக்கறேன்" என்று என்னிடம் நீட்டினார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய மன்னிப்பு.

ரிசீவரை வாங்கிக்கொண்டேன். முதலாளி மரியாதையாக வெளியே போய் நின்றுகொண்டார்.

"சிவப்பு மையில சுழிச்சது நாந்தானுங்க" என்றேன்.

"தெரியும் புள்ள. இந்த ஆபீஸ்ல வேற யாரு சுழிப்பா?"

"ஒரு பகல் பூராவும் உங்களச் சந்தேகப்பட்டுட்டேன். பொடவையப் பெட்டில வச்சுப் பூட்டிப்போட்டேன்."

போச்சு, மனசு நொந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"ஒரே ஒரு பகலா?" என்றார். "வாட்ச்மேன விடு, மெசின ஆப் பண்ண மறந்தது நாந்தானோன்னு ரெண்டு வாரமா என்னையே சந்தேகப்பட்டுட்டிருந்தேன். நீ என்னக் காட்டிலும் என்னைய நம்பியிருக்கயே புள்ள!"

நான் அழுதுகொண்டே சிரித்தேன்.